எடுப்பது நொடியில், கலைப்பது மணிக்கணக்கில்

உபுண்டு 18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதக் கடைசியோடு முடிந்தது. ஐந்து வருடம் எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த சர்வர்களை 20.04-க்கு மாற்றியாக வேண்டிய வேலை பல அலுவலகங்களுக்கு ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தது. ஓடுகிற சர்வரைத் தொடாதே என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். தொடவேண்டிய நாள் வந்துவிட்டால், சனிக்கிழமை இரவு அலுவலகம் காலியான பிறகு வேலை தொடங்கும். அப்போது எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: “ஸ்னாப்ஷாட் எடுத்தாச்சா?”

எடுத்தாச்சு என்ற பதில் கிடைத்ததும் அறையில் ஒரு நிம்மதி பரவும். ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்ற நிம்மதி அது. பெரும்பாலும் நியாயமானதுதான். ஆனால் அந்தத் திரும்பும் வழி எவ்வளவு நேரம் திறந்திருக்கும், அதைத் திறந்து வைத்திருப்பதற்கு என்ன வாடகை என்பதைப் பலர் விசாரிப்பதில்லை. டிஸ்க் நிரம்பி, சர்வர் நின்று, தொலைபேசி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த விசாரணை நடக்கிறது.

இன்று பெரும்பாலான அலுவலகங்களில் சர்வர் என்பது தனிப் பெட்டி இல்லை. ஹோஸ்ட் என்று அழைக்கப்படும் ஒரு பெரிய கணினிக்குள் பத்துப் பதினைந்து விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அதன் ஹார்ட் டிஸ்க் என்பது ஹோஸ்ட்டின் பார்வையில் வெறும் ஒரு பெரிய ஃபைல். லினக்ஸில் பரவலாக இருக்கும் கேவிஎம் முறையில் அந்த ஃபைல் வழக்கமாக `/var/lib/libvirt/images` என்ற இடத்தில் `dbserver.qcow2` போன்ற பெயரில் இருக்கும். விண்டோஸோ, லினக்ஸோ, அதற்குள் இருக்கும் டேட்டாபேஸோ, எல்லாமே அந்த ஒரு ஃபைலுக்குள் அடக்கம்.

ஓர் உதாரணக் கணக்கை வைத்துக்கொண்டு மேலே போகலாம். ஒரு நடுத்தர நிறுவனத்தின் டேட்டாபேஸ் சர்வர். விர்ச்சுவல் டிஸ்க்கின் அளவு 250 ஜிபி. அதில் உண்மையில் எழுதப்பட்டிருப்பது 130 ஜிபி, ஆகவே ஹோஸ்ட்டில் அந்த ஃபைல் பிடித்திருக்கும் இடமும் அவ்வளவுதான். டேட்டாபேஸ் மட்டும் 70 ஜிபி. ஹோஸ்ட்டின் சேமிப்பிடம் மொத்தம் 400 ஜிபி. மற்ற விர்ச்சுவல் மெஷின்கள் 180 ஜிபி எடுத்துக்கொண்டன. மிச்சம் 90.

சனிக்கிழமை இரவு அட்மின் தட்டும் கட்டளைகள் இரண்டே:

```
virsh shutdown dbserver
virsh snapshot-create-as dbserver before-upgrade --disk-only --atomic
```

இரண்டாவது கட்டளை ஓரிரு நொடியில் முடிந்துவிடும். 130 ஜிபியை யாரும் இரண்டு நொடியில் நகல் எடுக்க முடியாது. நகல் எடுக்கப்படவே இல்லை என்பதுதான் விஷயம். `dbserver.qcow2` அப்படியே உறைய வைக்கப்படுகிறது. இனி அதில் யாரும் ஒரு எழுத்துக்கூட எழுதக்கூடாது. அதன் மேல் புதிதாக ஒரு காலி ஃபைல் வைக்கப்படுகிறது. பிறக்கும்போது அதன் அளவு சுமார் 200 கேபிதான். அடுத்து சர்வரை இயக்கும்போது எழுதப்படும் ஒவ்வொன்றும் இந்த மேல் ஃபைலில்தான் விழும். படத்தின் மேல் ட்ரேஸிங் பேப்பரை வைத்து அதன் மேல் கிறுக்குவது போல: கீழே இருக்கும் படத்துக்கு ஒன்றும் ஆகாது, மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது, ஆளைக் கவிழ்க்கக்கூடிய பொறி. கட்டளை முடிந்ததும் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் இரண்டு ஃபைல்கள் இருக்கும்:

```
dbserver.qcow2
dbserver.before-upgrade
```

பெயரைப் பார்த்தால் `before-upgrade` என்பது அப்கிரேடுக்கு முந்தைய பழைய நகல் என்றுதானே தோன்றும்? நேர் எதிர். பழையது `dbserver.qcow2`. `before-upgrade` என்ற பெயரைத் தாங்கிய ஃபைலில்தான் அப்கிரேடும், அதற்குப் பிறகு நடந்த அத்தனையும் இருக்கிறது. ஸ்னாப்ஷாட்டுக்கு வைத்த பெயரையே மேல் ஃபைலின் வால்பெயராக ஒட்டிவிடுவது அந்த மென்பொருளின் வழக்கம். ஒரு மாதம் கழித்து இடம் போதவில்லை என்று வேறொருவர் வந்து, இது பழைய நகல்தானே என்று `before-upgrade` ஃபைலை அழித்தால், போவது அந்த ஒரு மாதத்து வேலை. `dbserver.qcow2`-வை அழித்தால் இன்னும் மோசம். மேல் ஃபைல் தனியாக இருந்து பயனில்லை, அதில் இருப்பவை மாறிய துண்டுகள் மட்டுமே. வீஎம்வேரிலும் கதை இதேதான். அங்கே `-000001.vmdk` என்று முடியும் ஃபைல்தான் நடப்பு. எந்த மென்பொருளானாலும், ஸ்னாப்ஷாட் ஃபைல்களை ஃபோல்டரில் நுழைந்து கையால் அழிக்கக்கூடாது.

சர்வரை நிறுத்திவிட்டு ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். ஓடும்போதும் எடுக்கலாம். ஆனால் அந்த நொடியில் நினைவகத்தில் இருந்து இன்னும் டிஸ்க்குக்குப் போய்ச் சேராத தகவல்கள் இருக்கும். அவை இல்லாமல் டிஸ்க்கை மட்டும் உறைய வைத்தால், திரும்பிப் போகும்போது சர்வர் மின்சாரம் திடீரென்று போய் வந்த கணினியைப் போல எழுந்திருக்கும். நல்ல டேட்டாபேஸ் அதிலிருந்து மீண்டுவிடும். ஆனாலும் வேண்டாத வேலை. நினைவகத்தையும் சேர்த்து எடுக்கலாம், அதற்கு ரேம் அளவுக்கு இடமும் நேரமும் தனியாக வேண்டும். அப்படித் திரும்பும்போது, பாதி வாக்கியத்தில் நின்ற பேச்சு தொடர்வது மாதிரி எல்லாம் நடு ஓட்டத்தில் எழும். எதிர்முனையில் இருந்த இணைப்புகள் எல்லாம் எப்போதோ அறுந்திருக்கும். அப்கிரேடுக்காக எடுப்பதென்றால் சர்வரை ஒழுங்காக அணைத்துவிட்டு எடுப்பதே சுத்தம். எப்படியும் அன்று இரவு சேவை நிறுத்தப்படத்தானே போகிறது.

அப்கிரேட் பாதியில் சிக்கிக்கொண்டது, சர்வர் பூட் ஆகவே மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது திரும்ப வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பெரிய மீட்புப் பணி போலத் தெரியும். உள்ளே நடப்பது மிகச் சாதாரணம்: மேல் ஃபைலைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு காலி ஃபைலை வைப்பது, அவ்வளவுதான். கீழே இருப்பது தொடப்படவே இல்லை என்பதால் எதையும் மீட்க வேண்டிய அவசியமில்லை. மேல் ஃபைல் 5 ஜிபியாக இருந்தாலும் 80 ஜிபியாக இருந்தாலும் சில நொடிகளில் முடியும். வீஎம்வேரிலும் விர்ச்சுவல்பாக்ஸிலும் இதற்குப் பொத்தான் உண்டு. கேவிஎம்மில் இந்த வகை ஸ்னாப்ஷாட்டுக்கு, அண்மைக்காலப் பதிப்புகளில் `virsh snapshot-revert` என்ற ஒரே கட்டளை போதும். பழைய பதிப்புகளில் கையால் செய்ய வேண்டும்:

```
virsh destroy dbserver
mv dbserver.before-upgrade failed-upgrade
qemu-img create -f qcow2 -b dbserver.qcow2 -F qcow2 dbserver.before-upgrade
virsh start dbserver
```

முதல் வரியில் இருக்கும் `destroy` என்ற சொல் புதியவர்களை நடுங்க வைக்கும். அது எதையும் அழிப்பதில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதற்குச் சமம். இரண்டாவது வரி அனுபவசாலிகள் செய்வது. கெட்டுப்போன மேல் ஃபைலை உடனே அழிக்காமல் வேறு பெயரில் ஒதுக்கி வைத்தால், அப்கிரேட் ஏன் தோற்றது என்று சொல்லும் லாக் அதற்குள் பத்திரமாக இருக்கும். அதே தவறோடு அடுத்த சனிக்கிழமையும் மோத வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது, உடனே தெரிந்துவிடும் கோளாறுக்கான வைத்தியம். சர்வர் எழவில்லை, வலைத்தளம் திறக்கவில்லை, மென்பொருள் கத்துகிறது என்றால் ஸ்னாப்ஷாட்டுக்கு நிகர் இல்லை. 18.04-லிருந்து 20.04-க்குப் போனபோது கத்தாத கோளாறு ஒன்றும் இருந்தது. ஸ்னாப்ஷாட்டின் எல்லை எங்கே என்பதைக் காட்ட அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

லினக்ஸில் எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை முடிவு செய்வது ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம். 2018-இல் வந்த அதன் 2.28 பதிப்பில் இந்த வரிசை விதிகள் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டன. உபுண்டு 18.04-இல் இருந்தது 2.27. 20.04-இல் இருப்பது 2.31. அதாவது அப்கிரேட் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. வித்தியாசத்தை ஒரே வரியில் பார்த்துவிடலாம்:

```
( echo "1-1"; echo "11" ) | LC_COLLATE=en_US.UTF-8 sort
```

பழைய சர்வர் 11-ஐ முதலில் எழுதி அடுத்து 1-1-ஐ எழுதும். புதியது 1-1-ஐ முதலில் எழுதும். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ், பெயர், கதவு எண் போன்ற எழுத்துப் புலங்களுக்கு இன்டெக்ஸ் வைத்திருக்கும். அது அகரவரிசைப்படி அடுக்கப்பட்டது. பழைய விதிப்படி அடுக்கி டிஸ்க்கில் எழுதி வைத்ததை, அப்கிரேடுக்குப் பிறகு புதிய விதிப்படி தேடினால், 1-1 என்ற கதவு எண் இருக்கும் பக்கத்தை விட்டு வேறு பக்கத்தில் போய்த் தேடும். பதிவு டேபிளில் பத்திரமாக இருக்கும், ஆனால் தேடினால் வராது. வரவில்லையே என்று யாராவது அதே வாடிக்கையாளரை மறுபடி பதிவு செய்வார். இரண்டு முறை பதியக்கூடாது என்று தடுக்க வேண்டிய இன்டெக்ஸும் அதே குழப்பத்தில் இருப்பதால் அனுமதித்துவிடும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. டேட்டாபேஸ் முழுவதற்குமான வரிசை விதி மாறிவிட்டது என்று போஸ்ட்கிரெஸ் தானே எச்சரிக்கத் தொடங்கியது அதன் 15-ஆம் பதிப்பிலிருந்துதான். 18.04-இல் உபுண்டுவே கொடுத்தது 10-ஆம் பதிப்பு. இயங்குதளம் மாறிய பிறகும், தனியாக மாற்றாதவரை அந்தப் பழைய 10 அப்படியே தொடர்ந்து ஓடும், அதே டேட்டாவின் மேல், புதிய வரிசை விதிகளோடு.

சனிக்கிழமை இரவு சோதித்தபோது எல்லாம் சரி. திங்கள் காலை வேலை தொடங்கியது. புதன்கிழமை மதியம் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, இந்த வாடிக்கையாளரைத் தேடினால் வரமாட்டேன் என்கிறது, ஆனால் மொத்தப் பட்டியலில் இருக்கிறார் என்கிறார். “ஸ்னாப்ஷாட் இருக்குல்ல சார், பழையபடி திருப்பிடுங்களேன்!”

முடியும், தொழில்நுட்ப ரீதியில் சில நொடி வேலை. ஆனால் திருப்பினால் திங்கள் காலை முதல் புதன் மதியம் வரை பதிந்த ஒவ்வொரு பில்லும், ஒவ்வொரு ரசீதும் போய்விடும். அவையும் மேல் ஃபைலில்தான் இருக்கின்றன. கெட்டதை மட்டும் பிரித்துத் தூக்கி எறிய ஸ்னாப்ஷாட்டுக்குத் தெரியாது. அதற்கு எது அப்கிரேட், எது வியாபாரம் என்ற பேதமே கிடையாது. டிஸ்க்கின் எந்தத் துண்டு மாறியது என்பது மட்டும்தான் தெரியும். ஆக, திரும்பும் வழி உண்மையில் மூடியது திங்கள் காலை முதல் பில் பதிவானபோது. அதற்குப் பிறகு ஸ்னாப்ஷாட் ஃபைல் இருக்கும், ஆனால் அதைப் பயன்படுத்தும் துணிவு யாருக்கும் வராது.

இந்தக் கோளாறுக்குச் சரியான மருந்து திரும்புவது அல்ல. எழுத்துப் புலங்களின் இன்டெக்ஸ்களை `REINDEX` கட்டளையால் புதிதாகக் கட்ட வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்தவர், அந்த ஒரு வரி `sort` சோதனையை அப்கிரேடுக்கு முன்பும் பின்பும் ஓட்டிப் பார்த்து, சனிக்கிழமை இரவே கட்டி முடித்துவிடுவார். டேட்டாபேஸை உருவாக்கும்போதே வரிசை விதியாக `C`-ஐத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

`REINDEX`, டேட்டாபேஸ் மாற்றம் போன்ற வேலைகளோடு இடத்துக்கான கணக்கும் தொடங்குகிறது. அப்கிரேடே எவ்வளவு எழுதும்? புதிய மென்பொருள்கள் இறங்கி, விரிந்து, பழையவற்றின் மேல் உட்காரும். உதாரணச் சர்வரில் அதற்கு 6 ஜிபி என்று வைக்கலாம். எழுத்துப் புலங்களின் இன்டெக்ஸ் மட்டும் 25 ஜிபி என்றால், `REINDEX` அதைப் புதிய இடத்தில் முழுவதுமாக எழுதிவிட்டுப் பிறகுதான் பழையதை விடும். தற்காலிக ஃபைல்களும் சேர்ந்து மேல் ஃபைல் 40 ஜிபியை நெருங்கும். 90 ஜிபி மிச்சம் இருக்கும் இடத்தில் இது சமாளிக்கக்கூடியதே. வந்தது வந்தோம், டேட்டாபேஸையும் 10-லிருந்து 12-க்கு மாற்றிவிடுவோம் என்று அட்மின் நினைத்தால் கணக்கு மாறுகிறது. உபுண்டுவின் `pg_upgradecluster` வழக்கமாக முழு டேட்டாவையும் இறக்கி மறுபடி ஏற்றும். இன்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்படுவதால் வரிசைத் தொல்லையும் அதிலேயே தீரும். ஆனால் 70 ஜிபியும் மறுபடி எழுதப்படும். மேல் ஃபைல் 80 ஜிபியைத் தொடும். மிச்சம் 10.

பழைய டேட்டாபேஸை அழித்தால் இடம் கிடைக்குமே என்று தோன்றும். சர்வருக்குள் அழித்தால் சர்வருக்குள்தான் இடம் தெரியும். அந்தப் பழைய 70 ஜிபி இருப்பது கீழே உறைந்து கிடக்கும் ஃபைலில், அதை யாரும் தொட முடியாது. பழையதைக் காப்பாற்றத்தானே ஸ்னாப்ஷாட்டே எடுக்கப்பட்டது! ஆகவே அழித்ததற்கும் இடம் வேண்டும், புதிதாக எழுதியதற்கும் இடம் வேண்டும். இந்த வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு: மேல் ஃபைல் அதிகபட்சம் விர்ச்சுவல் டிஸ்க்கின் முழு அளவுக்கு, நிர்வாகக் குறிப்புகளுக்கான சிறு கூடுதலோடு, வளரும். உதாரணத்தில் 250 ஜிபி. ஹோஸ்ட்டில் அவ்வளவு இடம் இல்லை என்பதுதான் சிக்கல்.

அன்றாட வேலையும் மேல் ஃபைலை ஊத வைக்கும், எதிர்பார்ப்பதைவிட வேகமாக. கேவிஎம்மின் இந்த ஃபைல் வகை, டிஸ்க்கை 64 கேபி துண்டுகளாகப் பார்க்கிறது. போஸ்ட்கிரெஸ் எழுதுவது 8 கேபி பக்கங்களாக. ஒரு துண்டில் முதல்முறை 8 கேபி மாறும்போது, மீதி 56 கேபியையும் கீழ் ஃபைலிலிருந்து படித்து, சேர்த்து 64 கேபியாக மேலே எழுத வேண்டியிருக்கிறது. மாற்றங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் 1 ஜிபி மாற்றத்துக்கு மேல் ஃபைல் 8 ஜிபி வரை வளரலாம். நாளுக்கு 600 எம்பி மாற்றம் நடக்கும் சாதாரண சர்வர்கூட நாளுக்கு 5 ஜிபி கேட்கக்கூடும். மிச்சமிருந்த 10 ஜிபி திங்கள், செவ்வாயிலேயே தீர்ந்துவிடும்.

வேகத்தில் விழும் அடியும் இதே காரணத்தால்தான். ஒவ்வொரு துண்டின் முதல் மாற்றத்துக்கும் ஒரு படிப்பும் ஒரு பெரிய எழுத்தும் கூடுதல். அதோடு இந்தத் துண்டு இனி மேலே இருக்கிறது என்ற குறிப்பையும் எழுதி வைக்க வேண்டும். அதே துண்டை இரண்டாம் முறை மாற்றும்போது இந்தச் செலவு இல்லை. அதனால்தான் ஸ்னாப்ஷாட் எடுத்த முதல் சில மணி நேரம் டேட்டாபேஸ் திணறி, பிறகு ஓரளவு நிதானத்துக்கு வரும். படிக்கும்போது, தேடும் துண்டு மேலே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கீழே போக வேண்டும். ஒரு அடுக்கு என்றால் இது பெரிதாகத் தெரியாது. போன மாதம் ஒன்று, போன வாரம் ஒன்று, நேற்று ஒன்று என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனால், பழைய ஒரு தகவலைப் படிக்க எல்லா அடுக்கிலும் விசாரித்துக்கொண்டு இறங்க வேண்டும். வீஎம்வேர் 32 அடுக்கு வரை அனுமதிக்கிறது. ஆனால் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றும், எந்த ஒரு ஸ்னாப்ஷாட்டையும் 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்றும் அதே நிறுவனம்தான் அறிவுறுத்துகிறது. அனுமதிக்கும் எண்ணுக்கும் அறிவுரைக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருப்பதே போதுமான எச்சரிக்கை.

இடம் தீர்ந்தால் என்ன நடக்கும்? கேவிஎம் இந்த விஷயத்தில் நிதானமானது. எழுத இடமில்லை என்றதும் விர்ச்சுவல் மெஷினை அந்த நொடியிலேயே நிறுத்தி வைக்கும். பயனர்களுக்கு சர்வர் உறைந்தது போலத் தெரியும், உள்ளே லாகில் எந்தப் பிழையும் பதிவாகாது, ஏனென்றால் உள்ளே நேரமே ஓடவில்லை. `virsh domstate dbserver --reason` என்று கேட்டால் `paused (I/O error)` என்று வரும். இடத்தை ஏற்படுத்திவிட்டு `virsh resume` கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சங்கடம் என்னவென்றால், அதே சேமிப்பிடத்தில் இருக்கும் மற்ற மெஷின்களும் எழுத இடமில்லாமல் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கும். ஒரு சர்வரின் ஸ்னாப்ஷாட்டுக்கு அலுவலகமே விலை கொடுக்கும். பதற்றத்தில் ரீசெட் செய்வது இங்கே உதவாது. எழுந்த சர்வர் முதல் எழுத்திலேயே மறுபடி நிற்கும்.

சரி, ஸ்னாப்ஷாட்டைக் கலைத்துவிட்டால் இடம் கிடைத்துவிடுமே? பலர் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். திரையில் ‘டெலீட்’ என்று இருந்தாலும், ஸ்னாப்ஷாட்டை டெலீட் செய்வது என்றால் அப்கிரேடை ஏற்றுக்கொண்டேன் என்று பொருள். மேல் ஃபைலில் இருக்கும் 80 ஜிபியும் கீழ் ஃபைலுக்குள் எழுதி இணைக்கப்பட வேண்டும். கேவிஎம்மில் அதற்கான கட்டளை:

```
virsh blockcommit dbserver vda --active --pivot --verbose
```

திரும்பிப் போவது சில நொடி. முன்னே போவதை உறுதி செய்வதுதான் நீண்ட வேலை. வினாடிக்கு 100 எம்பி வேகம் இடைவிடாமல் கிடைத்தால் 80 ஜிபிக்கு 14 நிமிடம் போதும். நடைமுறையில் கிடைக்காது. ஒரே சேமிப்பிடத்தில் ஒரு ஃபைலைப் படித்து இன்னொன்றில் எழுத வேண்டும், சிதறிய துண்டுகளாக. அதே நேரத்தில் சர்வரும் வேலை செய்துகொண்டிருக்கும், அது புதிதாக எழுதுவதையும் இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளில் இது மணிக்கணக்கில் இழுக்கும். வேலை நேரத்தில் தொடங்கினால் பயனர்கள் உடனே உணர்வார்கள்.

இடத்துக்கும் இதே கதிதான். கீழ் ஃபைல் 130 ஜிபியில் நின்றிருந்தது. மேலிருந்து வரும் துண்டுகளில், முன்பு எழுதப்படாத பகுதிக்குரியவை அதைப் பெரிதாக்கும். புதிய டேட்டாபேஸின் 70 ஜிபியில் பெரும்பகுதி அப்படிப்பட்டதே. இணைப்பு முழுதாக முடியும்வரை மேல் ஃபைலையும் விட முடியாது. ஆகவே இணைக்கும் நேரத்தில் 130, 80 போக இன்னும் 70 ஜிபி வரை தேவைப்படலாம். கையில் இருப்பதோ 10. இடம் தீர்ந்ததால் கலைக்கிறோம், கலைக்க இடம் இல்லை. இந்த முட்டுச்சந்தில் மாட்டியவருக்கு மிஞ்சும் வழி, வேறொரு விர்ச்சுவல் மெஷினை இன்னொரு ஹோஸ்ட்டுக்கு நகர்த்துவது, அல்லது சேமிப்பிடத்தை விரிவாக்குவது. டிஸ்க் ஃபைலை உருவாக்கும்போதே முழு அளவையும் ஒதுக்கி வைத்தவர்களுக்கு இந்தக் கூடுதல் தேவை வராது.

வீஎம்வேரில் இணைப்பு தோற்றுப்போனால், ஸ்னாப்ஷாட் பட்டியல் காலியாகத் தெரியும். ஆனால் மேல் ஃபைல்கள் டிஸ்க்கில் இருந்துகொண்டே வளரும். டிஸ்க்குகளை ஒருங்கிணைக்க வேண்டும் என்ற மஞ்சள் எச்சரிக்கை மட்டும் ஓரமாக நிற்கும். அதைக் கவனிக்காமல் விட்ட சர்வர்களில் மாதக்கணக்கான மேல் ஃபைல்களைப் பார்க்கலாம். பட்டியலை நம்பாமல், சர்வர் இப்போது எந்த ஃபைலில் எழுதுகிறது என்று பார்ப்பதே சரி.

திரும்பும்போது டிஸ்க் மட்டும்தான் பின்னோக்கிப் போகிறது, உலகம் போவதில்லை. அனுப்பிய மின்னஞ்சல் அனுப்பியதுதான். டேட்டாபேஸுக்கு வேறொரு சர்வரில் நகல் ஓடிக்கொண்டிருந்தால், அந்த நகல் இப்போது மூலத்தைவிட முன்னால் இருக்கும், அதைத் தூக்கிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். விண்டோஸ் உலகில் இதன் பெயர்பெற்ற வடிவம் ஆக்டிவ் டைரக்டரி. பயனர் கணக்குகளை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் மாற்றங்களை வரிசை எண் போட்டுப் பரிமாறிக்கொள்ளும். அதில் ஒன்றை ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால் அது பழைய எண்களையே மறுபடி பயன்படுத்தும். இதை ஏற்கெனவே வாங்கியாயிற்று என்று மற்றவை புதிய மாற்றங்களை ஒதுக்கிவிடும். விண்டோஸ் சர்வர் 2012-இல்தான் இதற்கு ஒரு பாதுகாப்பு வந்தது. மெஷின் பின்னோக்கித் திருப்பப்பட்டதை ஹோஸ்ட் ஓர் அடையாள எண் மூலம் உள்ளே தெரிவிக்கும் ஏற்பாடு அது.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைப்பவர்களும் உண்டு. கீழ் ஃபைலும் மேல் ஃபைலும் ஒரே சேமிப்பிடத்தில், ஒன்றை நம்பி ஒன்று இருக்கின்றன. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். அதனால் சனிக்கிழமை மாலை, ஸ்னாப்ஷாட்டுக்கு முன்பே, `pg_dump` எடுத்து வேறொரு இடத்தில் வைத்திருப்பதுதான் பேக்கப்.

இவ்வளவையும் கணக்கில் எடுக்கும் அட்மினின் வார இறுதி வேறு மாதிரி இருக்கும். சனிக்கிழமை இரவு `df -h` பார்த்து, 90 ஜிபியில் இயங்குதள மாற்றமும் `REINDEX`-உம் மட்டுமே பாதுகாப்பாக அடங்கும் என்று முடிவு செய்து, டேட்டாபேஸ் பதிப்பு மாற்றத்தை இன்னொரு வாரத்துக்குத் தள்ளுவார். ஞாயிறு காலை, கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை வரவழைத்து, உண்மையான வாடிக்கையாளர் பெயர்களையும் கதவு எண்களையும் தேடிப் பார்க்கச் சொல்வார். திரும்புவதா வேண்டாமா என்ற முடிவு ஞாயிறு மதியத்துக்குள், யாரும் புதிய பில் போடுவதற்கு முன்பு, எடுக்கப்பட்டுவிடும். வேண்டாம் என்றால் அன்று மாலையே `blockcommit` ஓடும். அது முடிந்ததும் `virsh domblklist dbserver` கொடுத்து, சர்வர் `dbserver.qcow2`-இல்தான் எழுதுகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்வார். அதன் பிறகு `virsh snapshot-delete dbserver before-upgrade --metadata` என்று பட்டியலிலிருந்து பெயரை நீக்கி, யாரும் பயன்படுத்தாத அந்த `dbserver.before-upgrade` ஃபைலை அழிப்பார். ஃபோல்டரில் கையை வைத்து அழிக்கலாம் என்ற நிலை அந்த ஃபைலுக்கு வருவது அப்போதுதான்.